காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் திக்காமல் வாசிக்கும்படி சிந்தனையும் செய்தியும் எழுதுவது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் காலை வழிபாட்டுத் தொகுப்பை அப்படியே பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடத் திக்குகிறது. பின்வரிசைக்கு ஒன்றும் புரிவதில்லை. இன்றைய சிந்தனையும் செய்தித் தலைப்பும் தெளிவாக வாசிக்கிற மாதிரி ஸ்கிரிப்ட் எப்படித் தயார் செய்வது? ஒரு மாதிரியும் வேண்டும்.

பதில்:

டீச்சர், குறை பிள்ளையிடம் இல்லை, தாளில்தான் இருக்கிறது. அந்தத் தொகுப்பில் வரும் தலைப்புகள் பத்திரிகைக்காக, அதாவது கண்ணுக்காக எழுதப்பட்டவை. கண்ணுக்குப் புரியாவிட்டால் திரும்பிப் போய்ப் படித்துக்கொள்ளும். காதுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் அச்சில் வந்த தலைப்பை அப்படியே எடுக்காமல், காதுக்கென்று மாற்றி எழுதி, பிள்ளை மூச்சு விடும் இடத்தில் வரியை உடைத்துக் கொடுக்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, குறள், நாட்டுப்பண் எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். தினமும் புதிதாக வருவது சிந்தனையும் செய்தியும்தான், திக்குவதும் அங்கேதான். ஆகவே அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாதிரிக்கு உண்மையான ஒரு நாளையே வைத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை. முந்தின நாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. நாடு, தமிழ்நாடு, உலகம், விளையாட்டு, நம் பள்ளி என்று ஐந்து வகைச் செய்தியும் கையில் இருந்த நாள் அது.

பத்திரிகை நடையில் அந்தச் செய்திக்குத் தலைப்பு வைத்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "நிலவில் கால் பதித்தது சந்திரயான்-3: தென் துருவத்தில் தரையிறங்கிய முதல் நாடு என்ற வரலாற்றுச் சாதனை படைத்து இந்தியா அசத்தல்". இதை ஒரு பிள்ளை சத்தமாக வாசித்தால் நான்கு இடங்களில் கெடும்.

முதலாவது, வினை முன்னால் வந்துவிட்டது. "கால் பதித்தது" என்று கேட்கும்போது யார் பதித்தது என்று பின்வரிசைக்குத் தெரியாது. அது தெரியவரும்போது வினை மறந்திருக்கும். பேச்சுத் தமிழில் நாம் யார், எப்போது, எங்கே என்று சொல்லிவிட்டு வினையைக் கடைசியில் வைக்கிறோம். வாசிக்கும் தாளிலும் அந்த வரிசைதான் வேண்டும். இரண்டாவது, அந்த முக்காற்புள்ளி. அதை எப்படி வாசிப்பது என்று எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. பெரும்பாலும் நிற்காமல் ஓடிவிடும், "சந்திரயான் மூன்று தென் துருவத்தில்" என்று இரண்டு செய்தியும் ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது, "அசத்தல்" போன்ற முடிவு. வாக்கியம் முடிந்ததா இல்லையா என்று குரலுக்கே தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். நான்காவது, பொருட்பிழை. சந்திரயானின் தரையிறங்கும் கலமான விக்ரம் இறங்கிய இடம் நிலவின் தெற்கே ஏறக்குறைய 69 டிகிரி அட்சரேகை. அது தென் துருவம் இல்லை, தென் துருவத்துக்கு அருகில் உள்ள பகுதி. நிலவில் பத்திரமாக இறங்கியதில் இந்தியா நான்காவது நாடு. தென் துருவத்துக்கு அருகே என்று சேர்த்துச் சொன்னால்தான் முதல் நாடு. கூட்டத்தில் கேட்டதைப் பிள்ளைகள் அப்படியே தேர்வில் எழுதுவார்கள், ஆகவே இந்த ஒரு சொல்லை விடக்கூடாது.

மாற்றி எழுதும்போது ஒரு வாக்கியத்துக்கு ஒரே முற்றுவினை வையுங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாக்கியம் பத்து முதல் பதினைந்து சொல் வரை போகலாம். நான்காம், ஐந்தாம் வகுப்பு என்றால் ஆறேழு சொல் போதும். ஒரு செய்திக்கு இரண்டு வாக்கியம், தேவையானால் மூன்று. அதற்கு மேல் போனால் அது தலைப்பு இல்லை, விரிவான செய்தி.

அடுத்தது மூச்சு. தாளில் ஒரு மூச்சுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி முடிந்தால் பிள்ளை மனசுக்குள் "ஒன்று" எண்ணி அடுத்த வரிக்குப் போகட்டும். வெற்றுவரி வந்தால் "ஒன்று, இரண்டு" எண்ணி, தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடரட்டும். சாய்கோடு, நட்சத்திரம் போன்ற குறிகள் வேண்டியதில்லை. வரி உடைவதே குறி.

எங்கே உடைப்பது என்பதற்குத் தமிழில் கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளம் உண்டு, பலர் கவனிப்பதில்லை. வல்லினம் மிகுந்த இடத்தில் நிற்கக் கூடாது. "பத்திரமாகத் தரையிறங்கியது" என்பதில் அந்த "த்", முன் சொல்லையும் பின் சொல்லையும் ஒட்டுகிற பசை. "பத்திரமாகத்" என்று வரியை முடித்தால் பிள்ளை நாக்கைப் பல்லில் வைத்துக்கொண்டு நிற்கும், திக்குவதுபோலவே கேட்கும். ஒற்று மிகுந்தால் இரண்டு சொல்லும் ஒரே வரியில் இருக்க வேண்டும். அங்கே நின்றே ஆக வேண்டும் என்றால் வாசிக்கும் தாளில் அந்த ஒற்றை எடுத்துவிட்டு வரியை உடையுங்கள். நோட்டில் அது பிழைதான், ஆனால் இந்தத் தாள் வாய்க்கானது.

எண்களை எழுத்தில் எழுதுங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதும் விரிவானபோது 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகள் என்று செய்தி வந்தது. தாளில் 31,008 என்று இருந்தால் பிள்ளை அங்கே நின்று இடமதிப்பை எண்ணும். "முப்பத்தோராயிரத்து எட்டு" என்று எழுதினாலும், கேட்பவர் மனதில் அந்த எட்டு நிற்கப்போவதில்லை. "முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட" போதும். ஒரு செய்திக்கு ஒரு பெரிய எண்ணுக்கு மேல் வேண்டாம். "சந்திரயான்-3" என்பதையும் "சந்திரயான் மூன்று" என்றே எழுதுங்கள். இடையில் கோடு போட்டால் "மைனஸ் மூன்று" என்று வாசிக்கிற பிள்ளை உண்டு.

பெயர்களில்தான் தமிழ் எழுத்து நம்மை ஏமாற்றும். நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி உண்டு. தெரிந்த சொல்லில் நாக்கு தானாகச் சரியானதை எடுத்துக்கொள்ளும். தெரியாத வெளிநாட்டுப் பெயரில் எடுக்காது. அந்த நாள் செஸ் உலகக் கோப்பை நடந்த நகரம் அஜர்பைஜானின் தலைநகர். அதைப் "பாகு" என்று எழுதினால் பிள்ளை வெல்லப்பாகு என்று வாசிக்கும். "பாக்கு" என்று எழுதினால் வெற்றிலைப்பாக்கு ஆகும். இப்படிப்பட்ட இடத்தில் நகரத்தை விட்டுவிட்டு நாட்டைச் சொல்லலாம், அல்லது இடத்தையே விட்டுவிடலாம். விட முடியாத பெயர் என்றால் தாளின் ஓரத்தில் பென்சிலால் அசை பிரித்து எழுதி, நீங்கள் மூன்று தடவை சொல்லிக் காட்டி, பிள்ளையை மூன்று தடவை சொல்ல வையுங்கள். பிரக்ஞானந்தா என்பதை "பிரக்‑ஞா‑னந்‑தா" என்று பிரித்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். இன்னொன்று: பெயருக்கு முன்னால் அவர் யார் என்பதைச் சொல்லிவிடுங்கள். "சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது வீரர்" என்று கேட்ட காது, அடுத்து வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும்.

மலையில் இருக்கும் நமக்குக் கூடுதலாக ஒரு பயிற்சி வேண்டும். மலை, மழை இரண்டும் வாரம் தவறாமல் நம் செய்தியில் வரும். "மலைப்பாதையில் மழை" என்ற வரியைப் பிள்ளை எப்படிச் சொல்கிறது என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றாகக் கேட்டால் செய்தியே மாறிவிடும். "ல" சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லின் ஈறைத் தொடும். "ள" சொல்லும்போது நுனி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். "ழ" சொல்லும்போது வளைந்து அருகே போகும், ஆனால் தொடாது. "தொடாதே" என்ற ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுத்தாலே பாதி சரியாகிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு இந்த ழகரம் சிரமம் தராது, மலையாளத்திலும் அது இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருந்தால் மற்றவர்களுக்குச் சொல்லிக்காட்ட அதையே நிறுத்துங்கள். வாசிக்கும் தாளில் ழகரம் வரும் சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான்.

அடுத்த விஷயம் நாள். மலைக் கிராமங்களுக்குக் காலைப் பேப்பர் கூட்டம் முடிந்த பிறகுதான் வந்து சேரும். அதனால் தாள் முந்தின நாள் மாலையே தயாராகும், அதில் "இன்று", "நேற்று" இரண்டும் ஒரு நாள் தள்ளிப் போய்விடும். புதன்கிழமை காலைப் பேப்பரில் "நேற்று" என்றிருப்பது செவ்வாய். வியாழக்கிழமை கூட்டத்தில் அதை அப்படியே வாசித்தால் பொய்யாகிவிடும். தாளை எழுதி முடித்ததும் இந்த இரண்டு சொல்லை மட்டும் தேடித் திருத்துங்கள். சந்தேகம் வந்தால் கிழமையைப் போட்டுவிடுங்கள். இரவோடு இரவாக மாறக்கூடிய செய்தியும் உண்டு: மழை எச்சரிக்கை, விபத்தில் இறந்தோர் எண்ணிக்கை, முடியாத ஆட்டத்தின் நிலை. இவற்றைக் காலை வானொலிச் செய்தியில் சரிபார்க்க முடிந்தால் வையுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அந்த வியாழக்கிழமை காலையில் பிரக்ஞானந்தாவின் ஆட்டம் முடிந்திருக்கவில்லை. அன்று மாலை, வெற்றியாளரை முடிவு செய்யும் டைபிரேக் ஆட்டத்தில் நார்வே வீரர் கார்ல்சன் வென்றார். அதனால் தாளில் "இன்று நடக்கிறது" என்பதோடு நிறுத்தியாக வேண்டும். மறுநாள் தாளில் முடிவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பாதியில் விட்ட செய்தியை மறுநாள் முடித்தால்தான் பிள்ளைகள் காத்திருந்து கேட்பார்கள்.

இப்போது மாதிரித் தாள். முதலில் செய்தி.

இன்றைய செய்திகள்.
ஆகஸ்ட் இருபத்து நான்கு, வியாழக்கிழமை.

முதல் செய்தி, நம் நாடு.
இந்தியாவின் சந்திரயான் மூன்று விண்கலம்
நேற்று மாலை நிலவில்
பத்திரமாகத் தரையிறங்கியது.

நிலவின் தென் துருவத்துக்கு அருகே
விண்கலம் இறக்கிய முதல் நாடு
இந்தியா.

இரண்டாம் செய்தி, தமிழ்நாடு.
அரசுத் தொடக்கப் பள்ளிகளில்
காலை உணவுத் திட்டம்
நாளை முதல் மாநிலம் முழுவதும் விரிவாகிறது.

முப்பத்தோராயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில்
பிள்ளைகளுக்குக் காலை உணவு கிடைக்கும்.

மூன்றாம் செய்தி, உலகம்.
பிரேசில், ரஷ்யா, இந்தியா,
சீனா, தென் ஆப்பிரிக்கா
ஆகிய ஐந்து நாடுகளின் பிரிக்ஸ் மாநாடு
தென் ஆப்பிரிக்காவில் நடக்கிறது.

இன்று அதன் கடைசி நாள்.

நான்காம் செய்தி, விளையாட்டு.
செஸ் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில்
சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது வீரர்
பிரக்ஞானந்தா
நார்வே வீரர் கார்ல்சனுடன் மோதுகிறார்.

முதல் இரண்டு ஆட்டங்களும்
சமநிலையில் முடிந்தன.

வெற்றியாளரை முடிவு செய்யும் ஆட்டம்
இன்று நடக்கிறது.

ஐந்தாம் செய்தி, நம் பள்ளி.
இன்று காலை எட்டரை மணிக்கு
நம் பள்ளி வெப்பமானி காட்டியது
........ டிகிரி.

செய்திகள் நிறைவடைந்தன.

நூற்றுப் பதினைந்து சொல் அளவுக்கு வரும். நிதானமாக வாசிக்கும் பிள்ளை நிமிடத்துக்கு எழுபது, எண்பது சொல்லுக்கு மேல் போகக் கூடாது. நிறுத்தங்களையும் சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு நிமிடம். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டால் பிள்ளை வெற்றுவரிகளில் நிற்கவில்லை என்று அர்த்தம். "6.04 மணி" என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பொது அறிவுக் கேள்விக்கு அது உதவும், தலைப்பில் சுமைதான். ஐந்தாம் செய்தியில் விட்டிருக்கும் இடத்தை அன்று காலை ஒரு பிள்ளை வெப்பமானியைப் பார்த்துப் பென்சிலால் நிரப்பட்டும். ஐந்து செய்தியிலும் முழுக்க நம்முடையது அது ஒன்றுதான். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பிள்ளைகள் முதலில் கேட்க விரும்புவதும் அதுதான்.

இனி சிந்தனை. பெரியவர்கள் பெயரில் சுற்றும் பொன்மொழிகளை எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரே வாசகம் இந்த வாரம் கலாம் பெயரிலும் அடுத்த வாரம் விவேகானந்தர் பெயரிலும் வரும், அவர் அதை எங்கே சொன்னார் என்று யாராலும் காட்ட முடியாது. அதைவிட அன்றைய செய்தி ஒன்றிலிருந்தே சிந்தனையை எடுங்கள். நடந்தது ஒன்று, அதில் கவனிக்க வேண்டியது ஒன்று, இன்றே செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று. "விடாமுயற்சி வெற்றி தரும்" என்றால் பிள்ளை கையில் எடுத்துப்போக எதுவும் இல்லை. கீழே உள்ளதில் இருக்கிறது.

இன்றைய சிந்தனை.

நான்கு ஆண்டுகளுக்கு முன்
சந்திரயான் இரண்டு கொண்டுபோன விக்ரம்
நிலவில் மோதி நொறுங்கியது.

எங்கே தவறியது என்று
விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

அடுத்த விக்ரமின் கால்களை வலுவாக்கினார்கள்.
எரிபொருளைக் கூட்டினார்கள்.
இறங்கும் இடத்தைப் பெரிதாக்கினார்கள்.

நேற்று அது பத்திரமாக இறங்கியது.

இன்று கணக்கில் விடை தப்பினால்
உடனே அழிக்க வேண்டாம்.

எந்த வரியில் தப்பினோம் என்று
பக்கத்தில் எழுதி வைப்போம்.

இறங்கும் இடம் பெரிதானது எவ்வளவு என்று ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்: 2019-ல் குறித்த இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர், 2023-ல் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர். இது வகுப்பறைக்கு உரியது, மைக்குக்கு வேண்டாம். கூட்டத்தில் செய்தியை முதலில் வைத்துச் சிந்தனையைப் பிறகு வைத்தால் "நேற்று அது" என்பது எது என்று எல்லோருக்கும் புரியும். வழக்கமான வரிசையில் சிந்தனை முன்னால் வரும், இப்படிப்பட்ட நாளில் மாற்றிக்கொள்வதில் தவறில்லை.

தாளைப் பற்றிக் கொஞ்சம். எழுத்து 18 அல்லது 20 புள்ளி, வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி, ஒரு பக்கம் மட்டும் அச்சு. "முப்பத்தோராயிரத்துக்கும்" போன்ற நீளச் சொல் வரி முடிவில் இரண்டாக உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கணினி உடைத்தால் பிள்ளையும் அங்கே உடைக்கும். மேகம் இறங்கும் காலையில் தாள் ஈரம் பிடிக்கும். இங்க்ஜெட் அச்சும் ஜெல் பேனா எழுத்தும் ஊறிப் பரவும். லேசர் பிரின்ட், ஜெராக்ஸ், பால்பாயின்ட் பேனா தாங்கும். காற்றில் தாள் படபடக்காமல் இருக்கப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக் கொடுங்கள். அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்தால் குரல் அதில் மோதித் திரும்பும், மார்பு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளை காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மைக் இல்லாத பள்ளியில் காற்று குரலைக் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோகும். மைக் இருந்தால் உடம்பே காற்றை மறைத்து அந்த "புஸ் புஸ்" சத்தத்தைக் குறைக்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல், தாடைக்குக் கீழே நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் "பத்திரமாக", "பிரிக்ஸ்" போன்ற பகரச் சொற்கள் வெடிக்காது. ஒலிபெருக்கிப் பெட்டி பிள்ளைக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் வைத்தால் மைக் கூவும். மேட்டில் ஏறி ஓடிவந்த பிள்ளையை உடனே வாசிக்க விடாதீர்கள். அன்று வாசிக்க வேண்டியவர் பத்து நிமிடம் முன்னால் வந்து, வெந்நீர் இரண்டு வாய் குடித்து, தாளை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டு நிற்கட்டும். மழை நாளில் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் வைத்தால் எந்தக் குரலும் எடுபடாது. அன்று தாளை வகுப்புக்கு ஒரு நகல் எடுத்து, வகுப்புக்கு ஒருவராக வாசிக்க விடுங்கள்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு வழி: கூட்டம் கலைந்ததும் கடைசி வரிசையில் நின்ற மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, "முதல் செய்தி என்ன கண்ணு?" என்று கேளுங்கள். "நிலாவுல ராக்கெட் இறங்கிருச்சு" என்று வந்தால் தாள் சரி. "நல்லா படிச்சாங்க டீச்சர்" என்று மட்டும் வந்தால், அந்தச் செய்தியின் முதல் வரியை எடுத்து, யார் என்ற சொல் எங்கே நிற்கிறது என்று மறுபடி பாருங்கள்.